கடைசி இரண்டு சலான்கள்

எங்கள் கம்பெனியில் ஜூன் மாதத்தில் ஒரு நாளுக்குப் பேடா நாள் என்று பெயர். புனே பக்கம் தளேகாவில் வண்டிகளுக்கு இரும்பு உதிரிகள் அடிக்கிற தொழிற்சாலை அது. நான் அங்கே பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். வருமான வரி பிடிக்கப்படுகிறவர்களுக்கு வருடாந்திர வரிச் சான்றிதழ், அதாவது பாரம் 16, வருகிற அன்று முதலாளி தாமே கேன்டீனுக்கு வருவார். ஒரு கையில் கவர், மறு கையில் பேடா. பேடாவை அங்கேயே தின்றுவிட்டு, கவரை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைப்போம். ரிட்டர்ன் போடும் சமயத்தில் நிக்டியில் இருக்கும் வரி ஆலோசகர் மேடத்திடம் அப்படியே எடுத்துக் கொடுப்பதோடு சரி. இனிப்போடு வந்ததை உட்கார்ந்து சரிபார்ப்பது மரியாதை இல்லை என்று எங்களுக்கெல்லாம் ஒரு கூச்சம்.

அந்த வருடம் நான் பிரித்தேன். பிப்ரவரியில் சம்பள உயர்வு நிலுவை மொத்தமாக வந்திருந்தது. அதனால் அந்த மாதமும் மார்ச்சிலும் வரிப் பிடித்தம் எக்கச்சக்கம். சம்பளச் சீட்டில் பிடித்தம் போடும் வலப்பக்கத்துக்கு டூல் ரூம் மிஸ்திரி வைத்த பெயர் 'எலிப் பக்கம்'. இந்தத் தடவை எலி மூட்டையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று மராட்டியில் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். எனக்கு அதில் ஒரு பகுதி திரும்பி வரவேண்டும். வீட்டுக் கடன் வட்டிச் சான்றைக் கம்பெனியில் நேரத்துக்குக் கொடுக்க மறந்துவிட்டேன். ரிட்டர்னில் காட்டினால் கிடைக்கும் என்று மேடம் சொல்லியிருந்தார். என் மனைவியின் முழங்கால் ஆபரேஷனுக்கு, இன்ஷூரன்ஸ் போக மீதிக்கு, அதைத்தான் நம்பியிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, செல்போனில் இருந்த சம்பளச் சீட்டுகளை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தேன். அவள் வாசிக்க, நான் கால்குலேட்டரில் தட்டினேன். முதலில் அவள் கைக்கு வந்த சம்பளத்தை வாசித்துக்கொண்டே போனாள். அது இல்லை, பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளத்தைச் சொல்லு என்றேன். திரும்ப ஆரம்பித்தோம். சான்றிதழின் இரண்டாம் பகுதியில், பார்ட் பி-யில், இருந்த தொகையைவிட எங்கள் கூட்டல் குறைந்தது. ஏன் என்று இரண்டு பேரும் தலையைச் சொறிந்தோம். நிலுவைக்குத் தனிச் சீட்டு ஒன்று வந்தது அவளுக்குத்தான் ஞாபகம் வந்தது. அதையும் சேர்த்தால் ரூபாய் சுத்தமாகப் பொருந்தியது.

"பாத்தீங்களா, உங்க முதலாளி நல்லவர்தான்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடி டீ போட எழுந்து போனாள்.

அவள் உள்ளே இருக்கும்போது, சும்மா இருக்கிறோமே என்று எலிப் பக்கத்தையும் கூட்டினேன். அதைப் பார்ட் ஏ-யில் பார்க்கவேண்டும். பிடித்த வரியும் அரசுக்குக் கட்டிய வரியும் அதில் மூன்று மாதத்துக்கு ஒரு பதிவாக இருக்கும். முதல் மூன்று பதிவுகளும் சீட்டுகளோடு ஒத்துப்போயின. ஜனவரி முதல் மார்ச் வரைக்கான பதிவில், ஜனவரிப் பிடித்தம் மட்டுமே இருந்தது. கீழே, ஒவ்வொரு மாதமும் வரி கட்டிய சலான், தேதியோடு வரிசையாக இருக்கும். அதுவும் ஜனவரிப் பிடித்தத்தோடு நின்றிருந்தது. பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் சலானே இல்லை. எலி எடுத்துக்கொண்டு போனது, போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

அடியில் இன்ன தொகை பிடித்து அரசுக் கணக்கில் செலுத்தப்பட்டது என்ற உறுதிமொழியும் கையெழுத்தும். அது யார் கையெழுத்து என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் அக்கவுன்ட்ஸ் தம்பி. கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், அப்பா ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். தினமும் லோனாவ்ளா லோக்கல் ரயிலில் முன்னாலேயே ஏறி, ஆகுர்டியில் ஏறும் எனக்கு இடம் பிடித்துவைப்பவன். மதியச் சாப்பாட்டு டப்பாவில் என் மனைவியின் புளிக்குழம்பு இருந்தால் அவன் ரொட்டி எனக்கு வந்துவிடும்.

மறுநாள் ரயிலில் நான் கவரை எடுத்ததுமே அவன் முகம் மாறியது.

"எந்த பார்ட் பாத்தீங்கண்ணா?"

"ரெண்டும்."

"பார்ட் ஏ-வ யாருமே பாக்க மாட்டாங்கண்ணா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தேஹுரோடு ஸ்டேஷன் தாண்டித்தான் மீதியைச் சொன்னான். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பணத்தை நிறுத்திவிட்டார். முதலில் சம்பளம், அப்புறம் இரும்புக்கு, வரி அடுத்த மாதம் என்றார் முதலாளி. அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. கையில் இருந்த சலான்களை மட்டும் வைத்துக் காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டான்.

"நீ ஏன்டா கையெழுத்துப் போட்ட?"

"என் ரூம் கதவுல மேனேஜர்னு போர்டு மாட்டுனாருல்ல. எதுக்குன்னு நினைச்சீங்க?"

நிக்டி மேடம் சான்றிதழைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். சீட்டில் பிடித்த முழு வரியையும் ரிட்டர்னில் காட்டலாம். பிடித்துவிட்ட வரியை உங்களிடம் மறுபடி கேட்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால் வரித் துறையின் கம்ப்யூட்டர், கம்பெனி கட்டிய பணத்தைத்தான் பார்க்கும். பணம் திரும்புவது கஷ்டம், கட்டச் சொல்லி நோட்டீஸ்கூட வரலாம். சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள், கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள், அசையாவிட்டால் வரி அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்றார்.

கேட்டேன். முதலாளி தோளில் கை போட்டு, வீட்டில் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார், அடுத்த மாதம் என்றார். மற்றவர்களும் அவரவர் கவரைப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாருடையதும் அதே இடத்தில் நின்றிருந்தது. ஆனாலும் யாரும் எழுத முன்வரவில்லை. கம்பெனியை மூடிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பேடாவைத் தின்ற வாயால் புகார் சொல்லப் போகிறாயா என்றார் மிஸ்திரி. அன்று அவர் சிரிக்கவில்லை, நாங்களும் சிரிக்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால் நோட்டீஸ் வந்துவிட்டது. திரும்ப வருவதற்குப் பதிலாக நான் வட்டியோடு கட்டவேண்டுமாம். ஆபரேஷன் தேதியைத் தள்ளிவைக்க ஆஸ்பத்திரிக்கு அவளே போன் செய்தாள். நான் செய்கிறேன் என்றதற்கு, "நீங்க பேசுனா காரணம் சொல்லுவீங்க, எனக்கு வெக்கம்" என்றாள். அன்றைக்கே வரி அலுவலகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். சான்றிதழில் கையெழுத்திட்டவர் யார் என்ற இடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டேன்.

எழுதாமல் இருக்க முடியாது. அவனுக்குத் தெரியாமல் எழுதவும் முடியாது. ரயிலில் கடிதத்தை அவன் மடியில் வைத்தேன். அவன் மெதுவாகப் படித்தான். கம்பெனியின் வரிப் பிடித்த எண்ணில் ஓர் எழுத்தை நான் தவறாக எழுதியிருந்தேன், திருத்தினான். காலியாக விட்டிருந்த இடத்தில் தன் பெயரையும் பதவியையும் தானே எழுதினான்.

"இது இல்லன்னா ஃபைலை ஓரமா வெச்சுடுவாங்கண்ணா" என்றான்.

"உனக்கு என்னடா ஆகும்?"

"தெரியல. முதலாளிக்கு வக்கீல் இருக்காரு."

தளேகாவில் இறங்கினோம். அன்று மதியம் இரண்டு பேரும் டப்பாவைத் திறக்கவில்லை. கடிதத்தை நான் பதிவுத் தபாலில் அனுப்பினேன். சில வாரங்களில் தம்பியின் கதவிலிருந்து போர்டு போயிற்று, அப்புறம் தம்பியும். அந்த இரண்டு சலான்களும் இன்றுவரை என் வரிக் கணக்கில் ஏறவில்லை; ஏறிவிட்டனவா என்று மனைவி கேட்பதும் நின்றுவிட்டது. ஆகுர்டியில் ரயில் வந்தால், கைப்பிடியைப் பிடித்து நின்றுகொண்டே போகிறேன்.