அணைந்த அடுப்புக்கு வந்த நோட்டீஸ்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனை நான்தான் நடத்தினேன். என்னோடு எட்டுப் பெண்கள். காலை டிபன், மதியச் சாப்பாடு, சாயங்காலம் டீயும் வடையும். எங்கள் வெள்ளானூரில் என் அம்மா காலத்துப் பெண்கள் நாற்று நட்டார்கள். அவர்கள் பெற்ற பெண்கள் என்னோடு சேர்ந்து வெங்காயம் உரித்தார்கள். சம்பளம் தேதி தவறாது. யாரும் யாரிடமும் கையேந்தாத பிழைப்பு அது.

தொழிற்சாலையின் அட்மின் மேனேஜர்தான் எங்களுக்கு மேலிடம். தென்காசிப் பக்கத்துப் பையன், முகப்பேரில் ஃப்ளாட் வாங்கிக் குடியிருந்தான். முதல் நாளே என்னை "அக்கா" என்று கூப்பிட்டான். எனக்குக் கூடப் பிறந்த தம்பி கிடையாது. அந்த ஒரு வார்த்தையில் உச்சி குளிர்ந்து போனேன், வேறென்ன? அவன் மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் என் வீட்டிலிருந்துதான் போயின. அவன் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தேன். அதைச் சொல்லிக்காட்ட எனக்கு உரிமை இல்லை, தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

ஒருநாள் கேன்டீன் சமையலறையின் புகைபோக்கி மோட்டார் எரிந்துவிட்டது. புகையெல்லாம் மேல்மாடி அலுவலகத்துக்குள் நுழைந்து ஒரே இருமல். மோட்டாரைப் பராமரிக்க வேண்டியது கம்பெனி. நானும் மாசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன், சத்தம் மாறுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள் என்று. அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். எரிந்த அன்றைக்கு மத்தியானம் சமையலறைக்கு ஓடி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, இது ஹெட் ஆபீசுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் கேப்பாங்க. மோட்டார் சரியாகுற வரைக்கும் உங்க வெள்ளானூர் கிச்சன்ல சமைச்சு வண்டியில கொண்டு வந்துருங்களேன்."

கல்யாண ஆர்டர்களுக்காக வெள்ளானூரில் எனக்குத் தனிச் சமையலறை இருந்தது. உணவுப் பாதுகாப்பு லைசென்ஸும் அதற்கு உண்டு. ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில் சமையல் கம்பெனி வளாகத்துக்குள்ளேதான் நடக்க வேண்டும், எழுத்துமூலமான முன் அனுமதி இல்லாமல் வெளியில் சமைக்கக் கூடாது என்று இருந்தது. அது எனக்கும் தெரியும். நான் ஒன்றும் கைநாட்டு இல்லை.

"எழுத்துல ஒண்ணு குடுத்துருங்க தம்பி" என்றேன்.

"நமக்குள்ள எதுக்குக்கா எழுத்து? நான் இருக்கேன்ல."

அவ்வளவுதான். நான் இருக்கேன்ல என்று ஒருவன் சொன்னபிறகு காகிதம் கேட்பது அவன் முகத்தில் அடிப்பதுபோல எனக்கு. எங்கள் பக்கத்தில் அப்படித்தான், அக்கா தம்பி என்று ஆனபிறகு கையெழுத்து கேட்டால் உறவு முறிந்ததாக அர்த்தம். இன்னொன்றும் இப்போது யோசித்தால் புரிகிறது. இன்றைக்கு எத்தனை சாப்பாடு என்பதை அவன் மெசேஜில் அனுப்புவான். இந்த மாதிரிச் சங்கதியெல்லாம் நேரில் வந்துதான் சொல்வான். ரொம்ப விவரமான பிள்ளை.

வெள்ளானூரில் சமைத்துப் பாத்திரங்களை மினி வேனில் ஏற்றி, ஆவடி நெரிசலில் சாம்பார் தளும்பத் தளும்பக் கொண்டுபோனோம். டீசல் என் செலவு. அவன் "இன்னும் ஒரு வாரம்க்கா" என்பான், அந்த வாரம் போய் அடுத்த வாரமும் வரும். ஹெட் ஆபீசிலிருந்து தணிக்கைக்கு ஆட்கள் வந்தார்கள். கேன்டீனுக்குள் நுழைந்தவர்கள் அடுப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். பச்சைத் தண்ணீராகச் சில்லிட்டுக் கிடந்தது அடுப்பு. சோறோ வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த சில நாட்களில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. மெயிலிலும் அதன் நகல். இங்கிலீஷில் இருந்ததால் அம்பத்தூர் கோர்ட் பக்கத்தில் இருந்த ஒரு வக்கீலம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். ஒப்பந்தத்தின் பன்னிரண்டாம் பிரிவை மீறி, எழுத்துமூல அனுமதியின்றி, நான் தன்னிச்சையாக வெளியில் சமைத்தேனாம். இந்த நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் மீறலைச் சரிசெய்ய வேண்டும். தவறினால் மறு அறிவிப்பு இல்லாமல் ஒப்பந்தம் ரத்து, என் டெபாசிட் பறிமுதல், வேறு ஆளை வைத்துச் சமைக்க ஆகும் கூடுதல் செலவும் என் தலையில்.

"யாரும்மா கையெழுத்துப் போட்டிருக்கறது?" என்று கேட்டேன்.

அவர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். தம்பிதான். ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே, அக்கா, இப்படி ஒண்ணு வருது என்று! தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கும்போதுகூட, ஏதோ ஒப்பந்தப் புதுப்பிப்பு என்றுதான் நினைத்தேன்.

அங்கிருந்தபடியே போன் போட்டேன். நாலாவது தடவைதான் எடுத்தான்.

"அக்கா, ஆடிட்ல மாட்டிக்கிச்சு. நான் சொன்னேன்னு சொன்னா என் வேலை போயிரும். எனக்கு வீட்டு லோன் இருக்குக்கா. நீங்க பாத்து சமாளிச்சுக்குங்க."

"என் கூட எட்டு ஊடு கீது தம்பி. அதுங்க எத்தை வச்சு சமாளிக்கும்?" கோபம் வந்தால் எனக்குப் பேச்சு பிறந்த ஊருக்கே போய்விடும்.

அவன் வைத்துவிட்டான். அடப்பாவி என்று வாய்விட்டே கத்தினேன். வக்கீலம்மா தண்ணீர் கொடுத்தார்.

அவர் சொன்னதுதான் என்னைக் காப்பாற்றியது. "யார் சொன்னது, யார் சொல்லலைங்கற சண்டையை இப்போ எடுக்காதீங்க. உங்ககிட்ட எழுத்து இல்லை. ஆனா சமையலறையையும் புகைபோக்கியையும் சரியா வச்சுத் தர்றது அவங்க பொறுப்புன்னு இதே ஒப்பந்தத்துல இருக்கு. அவங்க கதவை அவங்களே அடைச்சுட்டு, நீ ஏன் உள்ள வரலைன்னு கேக்க முடியாதும்மா. கெடுவுக்குள்ள சரிபண்ணிக் காட்டுங்க. சரிபண்ணிட்டா இந்த நோட்டீசை வச்சு உங்களை வெளிய அனுப்ப முடியாது."

பதில் எழுதினோம். எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், உள்ளே சமைக்க இன்றே தயாராக இருக்கிறோம், வேலை செய்யும் நிலையில் சமையலறையை ஒப்படையுங்கள், ஒப்படைக்கத் தாமதமாகும் நாட்கள் எங்கள் கணக்கில் வராது என்று. பதிவுத் தபால், மெயில், இரண்டிலும் போயிற்று. பதிலுக்கு ஒரு வரி வந்தது: மோட்டார் ஹெட் ஆபீஸ் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெண்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தார்கள்.

"இன்னாக்கா, அல்லாம் முட்ஞ்சுதா? நான் பிள்ளைக்கு பீஸ் கட்ட சீட்டு எட்த்துக்கிறேன்" என்றாள் இட்லி ஊற்றுகிற பெண். அவளுக்குப் புருஷன் இல்லை.

"நானு உசுரோட இருக்கசொல்ல ஒண்ணியும் முடியாது, போடி" என்றேன். சொன்னேனே தவிர உள்ளே திக்திக்கென்றுதான் இருந்தது.

தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரியிடம் நேராகப் போனேன். என் செலவிலேயே மோட்டாரைச் சரிசெய்ய அனுமதி கேட்டு மனு கொடுத்தேன். கறாரான மனிதர், அதிகம் பேசமாட்டார், ஆனால் வேலைக்கான அனுமதிச் சீட்டை அன்றைக்கே போட்டுக் கொடுத்தார். எஸ்டேட்டில் மோட்டாருக்கு காயில் கட்டுகிற மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தேன். மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோய், கம்பி சுற்றி, திரும்ப மாட்டி ஓடவிட்டார். புகை ஒழுங்காக மேலே போயிற்று. பெண்கள் கைதட்டினார்கள். கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் அந்தச் சமையலறையில் மறுபடி உலை வைத்தோம். சரிசெய்தாகிவிட்டது, வந்து பாருங்கள் என்று அன்றே கடிதம் கொடுத்தோம். பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்துத் திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மறுநாள் தம்பி வந்தான். அத்தனை நாள் கேன்டீன் பக்கமே தலைகாட்டாதவன், சிரித்துக்கொண்டே வந்தான். கையில் ஒரு காகிதம், இந்தத் தடவை தமிழில்.

"நோட்டீஸ் க்ளோஸ் ஆயிருச்சுக்கா. பைலை மூட இது ஒண்ணு மட்டும் வேணும். ஒரு கையெழுத்து."

என் கேட்டரிங் பெயரில் நான் எழுதியதாக அவனே எழுதி வந்திருந்தான். கம்பெனி ஊழியர் எவருடைய சம்மதமும் இல்லாமல், என் சொந்த வசதிக்காக, நானே சமையலை வெள்ளானூருக்கு மாற்றினேன், அதற்கு வருந்துகிறேன்.

"இது இல்லாம க்ளோஸ் ஆவாதா?"

"க்ளோஸ் ஆயிரும். ஆனா ரினீவல் என் கையில இருக்குக்கா. யோசிச்சுக்குங்க."

இதைச் சொல்லும்போதும் அக்கா! நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். உண்மையாகவே போடத்தான் நினைத்தேன். எட்டுப் பேரின் வீட்டு அடுப்பு என் கண்ணுக்கு முன்னால் வந்தது. மானம் போனால் போகட்டும், சோறு போகக்கூடாது. பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். அவன் அன்றைக்கு ஓடிவந்து என்னிடம் கெஞ்சியபோதும் இதே பெண்கள்தான் இதே இடத்தில் நின்றார்கள்.

"எனக்குக் கண்ணாடி இல்ல தம்பி. நீங்களே இதுங்க காதுல வுழற மாதிரி ஒரு தபா படிங்க. போட்டுத் தர்றேன்."

கண்ணாடி என் இடுப்புச் செருகலில்தான் இருந்தது. அவனால் படிக்க முடியாது என்று நினைத்தேன். பாதியில் நிறுத்துவான், "விடுங்கக்கா" என்பான், தலையையாவது குனிவான். அப்படி ஒன்று நடந்தால் அவனுக்காகவே போட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

படித்தான். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி படிக்கிற பிள்ளைபோல, கணீரென்று. ஒரு இடத்தில்கூட அவன் நிறுத்தவில்லை. படித்து முடித்துக் காகிதத்தை என் பக்கம் நீட்டினான்.

பேனாவை மூடி அவன் சட்டைப் பையிலேயே சொருகினேன். "போங்க சார்" என்றேன். சார் என்று அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் போனபிறகு பெண்கள் பக்கம் திரும்பவே எனக்குப் பயமாக இருந்தது. இட்லி ஊற்றுகிறவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நீ போட்டிருந்தீன்னா நாளிக்கு உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேங்க்கா."

ஒப்பந்தம் முடிகிறவரை அதே அடுப்பில் சமைத்தோம். ஒரு குறை சொல்ல ஆளில்லை. ஆனாலும் புதுப்பிக்கவில்லை. அதற்கு நோட்டீஸ் எதுவும் தேவைப்படவில்லை, தேதி வந்தது, முடிந்தது. சென்னீர்குப்பத்திலிருந்து ஒரு கேட்டரிங்காரர் வந்தார். எட்டுப் பேரில் ஐந்து பேரை அவரிடமே சேர்த்துவிட்டேன், மூன்று பேர் என்னோடு கல்யாண ஆர்டருக்கு வருகிறார்கள். எல்லோருக்கும் சோற்றுக்கு வழி ஆயிற்று என்று கல்லாக இருந்தேன். பாத்திரங்களை வேனில் ஏற்றிய அன்றும் என் கண் கலங்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். இட்லி ஊற்றுகிறவள் அங்கேதான் வேலையில் இருந்தாள், போன் பண்ணினாள். புது ஓனர் எப்படி என்று கேட்டேன்.

"நல்ல மாறிதான் கீறாருக்கா. நம்ம மேனேஜரு அவர்கிட்டயும் செம ஒட்டு. வந்த மொத நாள்லேர்ந்தே அண்ணே, அண்ணேன்னுதான் கூப்புட்றாரு."

அன்றைக்குத்தான் அழுதேன்.