முன்னால் போன நீலச் சட்டை

பக்கவாதம் வந்த பிறகு என் கணவரின் இடது கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை. தினமும் அரை மணி நேரம் சைக்கிள்போல் மிதித்தாக வேண்டும், இல்லையென்றால் இருக்கிற அசைவும் போய்விடும் என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொன்னார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மிதிக்கும் சின்ன இயந்திரம் ஒன்றை வாங்கி, தோ பாயோவில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் டிவிக்கு முன்னால் வைத்தோம். இரண்டே நாள்தான் மிதித்தார்.

"எங்கயும் போகாத சைக்கிள எதுக்கு மிதிக்கணும்?" என்று காலை எடுத்துவிட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. இருபது வருடம், ஞாயிறு தவறாமல், நாங்கள் காலாங் ஆற்றோரப் பாதையில் சைக்கிளில் போனவர்கள். அவர் முன்னால், நான் பின்னால். அந்த ஞாயிறுகள் இனி வராது என்பது அவரைவிட என்னைத்தான் அதிகம் வாட்டியது.

என் பிழைப்பும் எங்கும் போகாமலே போவதுபோலக் காட்டும் வேலைதான். லிட்டில் இந்தியாவில் பூக்கடை ஒன்றின் மாடியில் இருக்கும் சின்ன நிறுவனம். திரையில் என்ன தெரிய வேண்டும் என்று வார்த்தையில் எழுதிக் கொடுத்தால் கணினி வீடியோவாகத் தரும். பார்ப்பவர் தானே நடப்பதுபோல, ரயிலில் போவதுபோல இருக்கும் படங்கள்தான் எங்கள் சரக்கு. புதிதில் நான், "ஒருவர் ஆற்றோரம் சைக்கிள் ஓட்டுகிறார்" என்று எழுதுவேன். படத்தில் யாரோ ஒருவர் பக்கவாட்டில் போய்க்கொண்டிருப்பார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நானும் கணினியைத்தான் திட்டினேன். பிறகு புரிந்தது: ஓட்டுபவரைப் பற்றி எழுதவே கூடாது. அவர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். நடை என்றால் கண் உயரத்தில் கேமரா, அடிக்கு அடி லேசான ஏற்ற இறக்கம். ரயில் என்றால் ஜன்னல் கண்ணாடியில் மங்கிய பிரதிபலிப்பு, கிட்டத்துக் கம்பங்கள் சட்டென்று ஓட, தூரத்து அடுக்குமாடிகள் மெல்ல நகர வேண்டும்.

அவருக்காக ஒரு மதியம் உட்கார்ந்து எழுதினேன். கீழ் விளிம்பில் கைப்பிடியும் இரண்டு கைகளும். கேமரா ஒரே சீராக முன்னே போகிறது, லேசாக இருபக்கமும் சாய்கிறது. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் குடையாக விரிந்த மழைமரங்கள், காலை வெயில். பத்தடி முன்னால் நீலச் சட்டைக்காரர் ஒருவர், முதுகு மட்டும், இடைவெளி மாறாமல். ஒவ்வொரு துண்டும் சில விநாடிதான் வரும். ஒன்றின் கடைசிக் காட்சியை அடுத்ததற்கு முதல் காட்சியாகக் கொடுத்து, ஒட்டி ஒட்டி அரை மணி நேரமாக்கினேன்.

டிவியில் போட்டேன். அவர் கால்கள் தாமாகவே மிதிக்க ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார்.

"முன்னால போற ஆளு யாரு?"

"சும்மா, ஒரு ஆளு. பின்னாலயே போறதுக்கு."

"அது நான் லா." சிரித்தார். "இது நீ பாக்குறது. எனக்கு முன்னால எப்பவும் வெறும் பாததான். பின்னால உன் பெல் சத்தம் கேக்கும்."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அடுத்தவர் கண்ணிலிருந்து எழுதுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். அவர் கண்ணை எழுத உட்கார்ந்து, இருபது வருடம் நான் பார்த்த முதுகையே எழுதியிருக்கிறேன்.

மறுநாள் நீலச் சட்டையை எடுத்துவிட்டு மறுபடி எழுதினேன். வெறும் பாதை. பின்னால் இருப்பதைப் படத்தில் காட்ட வழியில்லை. சைக்கிள் மணி ஒலியும் சேர்த்துப் பார்த்தேன். கோயில் மணி மாதிரி இருந்தது. ஆகவே கீழ்த்தளத்தில் துருப்பிடித்து நின்ற என் சைக்கிளிலிருந்து பெல்லைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அவர் நாற்காலிக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, வளைவு வரும்போதெல்லாம் இரண்டு தடவை அடித்தேன்.

"வரியா?" என்றார், திரும்பிப் பார்க்காமல். ஆற்றோரத்தில் எப்போதும் கேட்ட பழைய கேள்வி.

"வர்றேன், போங்க."

அரை மணி நேரமும் மிதித்தார். இப்போதும் தினமும் மிதிக்கிறார்.

முதல் படத்தை நான் அழிக்கவில்லை. வேலைக்குப் போகும் ரயிலில் சில நாள் கைப்பேசியில் போட்டுப் பார்ப்பேன். அந்த நீலச் சட்டைக்காரர் என் கணவர் இல்லை, எனக்குத் தெரியும். முகமே இல்லாத ஆள். ஆனாலும் இரண்டு கால்களாலும் சிரமமில்லாமல் மிதிக்கிறார். அவர் பின்னாலேயே, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.