ஈரக் கோலத்துக்கு முந்தின வரி

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து, கையும் காலும் ஓரளவு திரும்பிவிட்டன. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் "அதுதான்" என்ற ஒரே சொல்தான் வரும். தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான், வேண்டாம் என்றாலும் அதுதான். தப்பாக வருகிறது என்று அவளுக்கே தெரியும். தெரிந்து, நல்ல கையால் தொடையில் அடித்துக்கொள்வாள். பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

தேனி மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு வழி சொன்னார்கள். "பேச வராதவுகளுக்குச் சில நேரம் பாட்டு வரும். சின்ன வயசுல இருந்து மனசுல ஊறுன பாட்டா இருந்தா ரொம்ப நல்லது. பாட்டுல வார்த்தை வந்துச்சுன்னா, அதைப் பிடிச்சுப் பேச்சுக்குக் கொண்டுவரப் பார்க்கலாம்."

அக்காவைக் கட்டிய மச்சானும் நானும் தெரிந்த பாட்டையெல்லாம் போட்டுப் பார்த்தோம். தாலாட்டு, சினிமாப் பாட்டு, சர்ச்சுக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரர் தந்த பாட்டு எல்லாம் போட்டோம். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு ஒரு நாள் காலையில், யாரும் கேட்காமலே, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடினாள்.

"ஈரக் கோலம் காயும் முன்னே..."

நாலு சொல், தெளிவாக. அதற்குப் பிறகு மெட்டு மட்டும் கொஞ்ச தூரம் போனது, நின்றுவிட்டது. மச்சான் என்னைப் பார்த்தார். "மாப்ள, இது நம்ம காளியம்மன் கோயில்ல விடியக்காலம் போடுவாகளே, அந்தப் பாட்டுல்ல?"

அதே பாட்டுதான். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அக்கா ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு மலைக்குப் போனவள். ஜீப் வரும்வரை பெண்கள் எல்லாம் கோயில் வாசலில், புனல் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நிற்பார்கள். தினமும் முதலில் கேட்பது அந்தப் பாட்டு. ஆனால் அடுத்த வரி என்ன? மச்சானுக்குத் தெரியவில்லை. எனக்குப் "பூவும் நீரும்" என்று ஏதோ வரும், அவ்வளவுதான். ஊரில் கேட்டேன். எல்லோரும் ஈரக் கோலத்தைப் பாடிவிட்டு, "னன்னனா" என்று கையை ஆட்டினார்கள். அக்காவோடு ஜீப்பில் போனவர்களும் அப்படித்தான்.

அக்கா தினமும் பாடினாள். தினமும் அதே இடத்தில் முட்டி நின்றாள். பயிற்சி அம்மாவிடம் சொன்னபோது, "முழுப் பாட்டையும் சீக்கிரம் கண்டுபிடிங்க. முடியல முடியலன்னு ஆச்சுன்னா பாடுறதையே விட்டுருவாக" என்றார்கள். அந்தப் பயம் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. மச்சானுக்குக் கண் சரியில்லை. ஆகவே தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் பத்தாவது வரை படித்தவன். கொஞ்சம் திராட்சைப் பந்தல் இருக்கிறது. போனில் தமிழில் எழுதத் தெரியும். "ஈரக் கோலம் காயும் முன்னே" என்று எழுதித் தேடினேன். வந்தது எல்லாம் கோலம். புள்ளிக் கோலம், படிக் கோலம், மழையில் அழியாத கோலம் போடுவது எப்படி என்று ஒரு பெண் விளக்கும் வீடியோ. "பாடல்" என்று சேர்த்தேன். மார்கழிப் பாட்டுகள் வந்தன. ஆங்கில எழுத்தில் எழுதினேன். ஈரத்துக்கு எத்தனை 'இ' போடுவது, காயுமுக்கு எது போடுவது என்று ஒவ்வொரு விதமாக மாற்றி எழுதினேன். ஒவ்வொரு விதத்துக்கும் வேறு வேறு குப்பை வந்தது. பாட்டு வரிகள் போடும் தளங்களிலும் பார்த்தேன். அங்கே இருப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. அவற்றையும் முதல் வரியை வைத்துத்தான் அடுக்கியிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது முதல் வரிதானே, ஏன் வரவில்லை என்று எனக்கு எரிச்சல்.

மெட்டைப் பாடிக் காட்டினால் போனே கண்டுபிடிக்கும் என்று உரக்கடையில் ஒருவர் சொன்னார். நான் நாலு பேர் முன்னால் சத்தமாகப் பேசக்கூட மாட்டேன். பந்தலுக்குள் போய், சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, போனை வாய்க்குக் கிட்டே வைத்து முனகினேன். இன்னும் கொஞ்சம் பாடு என்பதுபோல் அது காத்துக்கொண்டே இருந்தது. குரலை உயர்த்தினேன்.

"ஏலே, யாருலே அங்கன? வயித்து வலியா?" பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று கேட்டார்.

"இல்லண்ணே. பாட்டு."

"பாட்டா? பந்தலுக்கு மருந்தடிச்சு மயங்கிட்டியோன்னு நான் ஓடியாறேன்."

போன் ஒரு பழைய சினிமாக் காதல் பாட்டைக் கொண்டுவந்து நிறுத்தியது. கேட்டால், மெட்டு கிட்டத்தட்ட அதேதான். கேசட் பக்திப் பாட்டுகளில் பாதி, ஓடின படத்தின் மெட்டில் சாமி வரியை வைத்துப் பாடியவைதானே. மெட்டு கிடைத்துவிட்டது, பாட்டு கிடைக்கவில்லை. இருந்தாலும் ஆசையோடு அக்காவிடம் போட்டேன். அவள் மூஞ்சியைச் சுளித்துப் போனைத் தள்ளினாள். "அதுதான்!" என்று திட்டினாள்.

அடுத்து அம்மன் பாட்டுத் தொகுப்புகளில் இறங்கினேன். காளியம்மன், மாரியம்மன், கௌமாரியம்மன் என்று மணிக்கணக்கில் ஓடும் வீடியோக்கள். உள்ளே என்ன பாட்டு இருக்கிறது என்று பெரும்பாலும் எழுதியிருக்காது, ஓட விட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாட்டிலும் தொடக்கத்தை மட்டும் கேட்பேன். ஈரக் கோலம் இல்லையென்றால் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுவேன். வெட்கத்தை விட்டு ஒரு வீடியோவுக்குக் கீழே, 'இந்த வரி வரும் அம்மன் பாட்டு யாருக்காவது தெரியுமா' என்று எழுதினேன். ஒருவர் 'ஓம் சக்தி' என்று பதில் போட்டார். இன்னொருவர் கும்பிடும் கை படம் போட்டார். தெரியும் என்றோ தெரியாது என்றோ சொல்ல ஒரு ஆள் இல்லை.

அதற்குள் அக்கா பாடுவதைக் குறைத்துவிட்டாள். காலையில் ஜன்னலுக்குப் போவாள், "ஈரக்..." என்று தொடங்குவாள், உடனே வாயை மூடிக்கொள்வாள். பயிற்சி அம்மா சொன்னது நடக்கத் தொடங்கிவிட்டது. "என்ன மாப்ள, இன்னுமா தேடுற?" என்றார் மச்சான். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் போனைக் கிணற்றில் எறியலாம் போல இருந்தது.

கடைசியில், முன்பே போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போனேன். அந்தக் காலத்தில் எங்கள் கோயிலுக்கு மைக் செட் போட்டவர் இப்போது கம்பத்தில் சீரியல் லைட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறார். அவர் எடுத்தெறிந்து பேசுவார் என்று நினைத்தே இத்தனை நாள் போகாமல் இருந்தேன். அப்படித்தான் பேசினார்.

"அந்தக் கேசட்டா? அதெல்லாம் எப்பவோ குப்பைக்குப் போயிருச்சு. இதுக்காகவா பஸ் ஏறி வந்த?"

"பாட்டு முதல் வரி என்னன்னு ஞாபகம் இருக்காண்ணே? ஈரக் கோலம்னுதான ஆரம்பிக்கும்?"

"அது எங்கப்பா ஆரம்பம்? புதுசு வாங்கின மாசமே செட்டுல நாடா சிக்கி, முன்னாடி கொஞ்சம் கசங்கிப்போச்சு. கத்தரிச்சுட்டு ஒட்டினேன். நீங்க கேட்டதெல்லாம் நடுவுல இருந்துதான்."

ஊர் முழுக்க, அத்தனை வருஷமும், முன்பாதி இல்லாத பாட்டையா கேட்டோம்?

"சரிண்ணே. என்ன அம்மன் பாட்டுன்னாவது..."

"அம்மனா?" அவர் சிரித்தார். "காளியம்மன் கோயில்ல போட்டா காளியம்மன் பாட்டாயிருமா? கேசட்டுல முதப் பாட்டு என்னப்பா இருக்கும்? பிள்ளையாருதான். எந்தச் சாமி கேசட்டா இருந்தாலும் பிள்ளையாரைப் போட்டுட்டுத்தான் அடுத்தது. கோயில்லயும் அவருக்குத்தான முதல் பாட்டு."

இது எனக்குத் தெரியாததா? எங்கள் வீட்டு விசேஷத்தில் மைக் செட் போட்டாலே முதலில் பிள்ளையார் பாட்டைத்தான் போடச் சொல்வேன். பிள்ளையார் பெயர் வரும் துண்டு கத்தரியில் போய்விட்டது. மிச்ச வரிகளில் கோலமும் பூவும் நீரும்தான், சாமி பெயர் இல்லை. ஒலித்தது அம்மன் கோயிலில். நாங்களே அதை அம்மனுக்குக் கொடுத்துவிட்டோம். நானும் வாரக்கணக்காக அம்மன் பாட்டுகளில், அதுவும் தொடக்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தேன். என் பாட்டின் தொடக்கத்தை நான் ஒரு நாளும் கேட்டதே இல்லை.

பஸ்ஸிலேயே தேடினேன். 'பிள்ளையார் பாடல் பழைய கேசட்' என்று எழுதி, ஒவ்வொன்றையும் இப்போது முழுதாக ஓடவிட்டேன். சின்னமனூர் தாண்டும்போது, பழைய கேசட்டுகளைப் பக்கம் பக்கமாக ஏற்றி வைத்திருந்த ஒருவரின் வீடியோவுக்கு வந்தேன். கேசட் அட்டையைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். அது அம்மன் கேசட்தான். பார்த்த அட்டை. தொகுப்புகளைத் தோண்டிய நாட்களில் இதையே திறந்து, முதல் பாட்டு பிள்ளையார் என்றதும் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். இப்போது பொறுத்துக் கேட்டேன். தாளம் இல்லாமல் இழுத்துப் பாடும் ஒரு விருத்தம், அதில் ஆனைமுகனும் அரச மரமும். பிறகு அதேபோல் இன்னொரு விருத்தம். எதுவும் தெரிந்ததாக இல்லை. பிறகு தவில் சேர்ந்தது.

"ஈரக் கோலம் காயும் முன்னே எங்கள் தெரு வாருமே
ஏந்தி வந்த பூவும் நீரும் ஏற்றுக்கொள்ள வேணுமே"

பக்கத்து சீட்டுக்காரர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன்.

வீட்டுக்குப் போனதும் அக்காவின் முன்னால் வைத்துத் தொடக்கத்திலிருந்து போட்டேன். முழுப் பாட்டு, ஒழுங்கான பாட்டு. விருத்தம் ஓடியது. அக்கா சுவரைப் பார்த்தாள். "இரு, வரும்" என்றேன். அவள் இருக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடியும் போட்டேன். "அதுதான், அதுதான்!" என்று கையைத் தட்டிவிட்டாள். இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்ததைக் கேட்கக்கூட மாட்டேன் என்கிறாளே என்று எனக்கும் கோபம் வந்து, எழுந்து வாசல்வரை போய்விட்டேன்.

மச்சான்தான் சொன்னார். "மாப்ள, அவளுக்குத் தெரிஞ்ச பாட்டு அங்கன இருந்துதான ஆரம்பிக்கும்?"

திரும்பி வந்து, போனில் இருக்கும் கோட்டை விரலால் இழுத்தேன். மண்வெட்டி பிடித்த விரல், ஒரு இழுப்பில் பாட்டையே தாண்டியது. பின்னால் இழுத்தால் விருத்தத்தில் விழுந்தது. அக்கா முறைத்தாள். ஒருவழியாகச் சரியான இடத்தில் நின்றது. ஈரக் கோலம் வந்ததும் அக்கா நிமிர்ந்தாள். பாடகியோடு சேர்ந்து பாடினாள். முட்டி நிற்கும் இடம் வந்தது. நிற்கவில்லை. எங்கள் தெரு வாருமே, பூவும் நீரும், ஏற்றுக்கொள்ள வேணுமே என்று ஒவ்வொரு சொல்லும் வாயிலிருந்து வந்தது. மச்சான் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முடிந்ததும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "அதுதான்" என்றாள். நான் செம்பை நீட்டினேன், தள்ளிவிட்டாள். விரலால் போனைக் காட்டினாள். அங்கே இருந்து மறுபடி. கோட்டை இழுத்தேன், விருத்தத்தில் விழுந்தது, கையில் ஒரு அடி விழுந்தது.

மறுநாள் தேனியில் பயிற்சி அம்மாவிடம் பாட்டைப் போட்டுக் காட்டினேன். 'நீர்' என்ற சொல்லை முதலில் பிடிப்போம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் இழுத்துக்கொண்டு இருக்காதீர்கள், போனிலேயே வெட்டி வைத்துக்கொள்ளலாம் என்று, வெட்டுவது எப்படி என்றும் காட்டினார்கள். பிள்ளையாரும் அரச மரமும் விருத்தமும் போயின. வாரக்கணக்காகத் தேடி, முழுதாகக் கண்டுபிடித்த பாட்டை, மைக் செட்காரர் கத்தரித்த அதே இடத்தில் நானும் வெட்டினேன்.