கொக்கண்ணனின் வலது கால்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. எங்கள் ஸ்டுடியோவில் எல்லாருக்கும் அவர் கொக்கண்ணன். ஆறடி இரண்டு அங்குலம். அதில் பாதிக்கு மேல் கால். வாசலில் குனிந்து நுழைந்து, உள்ளே வந்தும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நடப்பார். அந்தக் கால்களை வைத்துத்தான் இருபது வருஷம் பிழைத்தார். இப்போது வலது கால் அவருடைய பேச்சைக் கேட்பதில்லை. அது அப்படி ஆனதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கடை வாசல்களில் பொம்மை வேஷத்துக்குள் நின்றிருக்கிறார். கரடி, முயல், ஒரு தடவை பல் துலக்கும் பிரஷ். "பிரஷ்ஷுக்கு நடை எப்படி இருக்கும்னு யாராவது யோசிச்சிருக்கீங்களாடா? நான் யோசிச்சிருக்கேன்" என்பார். பிறகு மேடை நாடகங்கள். அங்கே யாரோ பார்த்து எங்களிடம் அனுப்பினார்கள். எங்கள் வேலை, நடிப்பவரின் அசைவைப் பிடித்துக் கம்ப்யூட்டர் பொம்மைக்குக் கொடுப்பது. இறுக்கமான கறுப்பு உடை, அதன்மேல் ஐம்பத்துச் சொச்சம் வெள்ளை உருண்டைகள். கூடத்தைச் சுற்றி இருபத்துநான்கு கேமராக்கள் அந்த உருண்டைகளை மட்டும் பார்க்கும். திரையில் குச்சி குச்சியாக ஓர் எலும்புக்கூடு நடக்கும். அந்த நடையை எடுத்து வேறோர் உடம்புக்கு மாட்டுவது என் வேலை.

அந்த வருஷம் வந்த கம்ப்யூட்டர் விளையாட்டில் கதாநாயகன் ஒரு குட்டையன். பீப்பாய் உடம்பு, கொக்கண்ணனின் காலில் பாதிகூட இல்லாத கால், அதன் நுனியில் படகு மாதிரி இரண்டு பாதம். உயரமான ஆளைக் குட்டையனுக்குப் போட்டது யார் யோசனை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கொக்கண்ணன் நடந்து காட்டியதும் வேறு ஆளை யாரும் கேட்கவில்லை. வயிறு முன்னே போக, உடம்பு பின்னே வரும் ஒரு நடை.

"தம்பி, என் கால்ல பாதிதானே அவனுக்குப் போகுது? மிச்சத்தை என்ன பண்றீங்க?"

"ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கோம்ணே. அடுத்த படத்துக்கு ஆகும்."

"பாத்து, கெட்டுடப் போகுது."

முதல் நாள் அந்த நடையை அப்படியே மாட்டியபோது குட்டையன் பாசி படிந்த படியில் இறங்குகிறவன் போல வழுக்கிக்கொண்டே போனான். காரணம் எளிது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதை எந்த உடம்புக்கும் கொடுத்துவிடலாம். ஆனால் இடுப்பு எவ்வளவு தூரம் முன்னே போகிறது என்பதை அப்படிக் கொடுக்க முடியாது. அண்ணன் ஓர் அடி வைத்தால் எண்பது சென்டிமீட்டர். குட்டையனின் காலுக்கு எட்டுவது முப்பத்தாறு. மிச்சத் தூரத்தைப் பாதம் தேய்த்துக்கொண்டே கடந்தது. இடுப்பின் பயணத்தைக் கால் நீளத்தின் விகிதத்துக்குச் சுருக்கினேன். வழுக்கல் முக்கால்வாசி நின்றது.

மிச்சத்தைக் கையால் செய்ய வேண்டும். தொடைக்கும் கீழ்க்காலுக்கும் உள்ள கணக்கு இரண்டு உடம்பிலும் ஒன்றில்லை. அதனால் பாதம் தரையில் பட்ட நொடியிலிருந்து எழும் நொடி வரை அதை ஒரே இடத்தில் பதித்துவிட்டு, முழங்காலை அதற்கேற்ப மடங்க விட வேண்டும். கால் போதாமல் விறைத்து நின்றால் இடுப்பை ஒரு நூல் இறக்க வேண்டும். விடுவிக்கும்போது சட்டென்று விடாமல் நாலைந்து பிரேமில் மெல்ல விட வேண்டும். இதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். என் குட்டையன் நடந்தால் தரையில் ஆணி அடித்தது மாதிரி நிற்பான்.

இன்னொரு தொல்லை இருந்தது. பாதம் படகு போல் பெரிதாக இருந்ததால், கால் முன்னே வரும்போது விரல் நுனி தரைக்குள் புகுந்துவிடும். கணுக்காலைக் கொஞ்சம் மேலே தூக்கி ஒரு திருத்தம் போட்டேன். இரண்டு காலுக்கும் ஐந்து டிகிரி. போதுமாயிருந்தது.

மாதம் ஒரு முறை படப்பிடிப்பு. மூன்றாவது மாதம் வலது காலுக்கு ஐந்து போதவில்லை. எட்டு போட்டேன். நான்காவது மாதம் பன்னிரண்டு. இடது கால் அதே ஐந்தில் இருந்தது. உடையில் ஒரு வெள்ளை உருண்டை நகர்ந்திருக்கும், ஷூ தளர்ந்திருக்கும், பாதம் பெரிதல்லவா என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கையில் இருந்தது. ஒரு நிமிஷம் குச்சி எலும்புக்கூட்டைத் திரும்பிப் பார்த்திருந்தால் போதும். குட்டையனின் பெரிய பாதம் இல்லாத அந்தக் கூட்டிலும் விரல் தரையை உரசுவது தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. தப்பு எப்போதும் மாட்டுவதில்தான் வரும், ஆளிடம் வராது என்று எங்கள் தொழிலில் ஒரு பழக்கம்.

ஐந்தாவது மாதம் படப்பிடிப்பு முடிந்து உடையைக் கழற்றும் முன் கொக்கண்ணன் என் மேஜைக்கு வந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா. என் நடை சரியா இருக்கா? வலது கால் சில நேரம் பின்னாடி தங்கிப் போற மாதிரி இருக்கு. எனக்கே தெரியல. நீங்கதான் நூறு தடவை போட்டுப் பாக்கறீங்களே."

நான் திரையை அவர் பக்கம் திருப்பிக் குட்டையனை ஓடவிட்டேன். போன மாதம் நான் சுத்தம் செய்து முடித்த நடை. வலது, இடது, வலது. ஒரு பிசிறு இல்லை.

"பாருங்கண்ணே. சும்மா கும்முனு இருக்கு."

"நெஜமாவா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாண்ணே?"

அவர் முகம் தெளிந்துவிட்டது. "போ. வயசாயிடுச்சுன்னு நானே பயந்துட்டேன்" என்று என் முதுகில் ஒன்று போட்டுவிட்டுப் போனார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. படித்த பிள்ளை திரையைக் காட்டிச் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று எங்கள் ஊரில் நம்புவார்கள். அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாக இருந்தது. அவரும் அப்படித்தான் நம்பினார்.

எட்டாவது மாதம் அவர் வரவில்லை. அதிலிருந்து பதினோராவது நாள் அவர் மனைவி வந்தார், எங்களுக்கு அண்ணி. துணிக்கடையில் வேலை, பாதி நாள் லீவு போட்டு வந்திருந்தார். அண்ணன் வீட்டுப் படியில் விழுந்துவிட்டாராம். ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத்தண்டின் கீழே ஒரு கட்டி, காலுக்குப் போகும் நரம்பை நாளாக நாளாக நசுக்கியிருக்கிறது. கெட்ட கட்டி இல்லை. எடுத்துவிட்டார்கள்.

"கட்டி போயிடுச்சு தம்பி. பாதந்தான் தூக்க வரல. எப்ப ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேக்கறாரு. நரம்பு எத்தனை நாள் நசுங்கிக் கெடந்ததுன்னு தெரிஞ்சாத்தான், திரும்புமா திரும்பாதான்னு சொல்ல முடியுமாம். இவரு என்னடான்னா போன மாசந்தான்ங்கறாரு. உங்ககிட்ட அவரோட நடை எல்லாம் இருக்கும்னு வந்தேன்."

நான் ஃபைல்களைத் திறந்தேன். பிடித்த அசைவு எல்லாம் தேதி வாரியாக இருந்தது. அதன்மேல் நான் போட்ட திருத்தமும் தனியாக இருந்தது. ஐந்து. ஐந்து. எட்டு. பன்னிரண்டு. பதினைந்து. பத்தொன்பது. இருபத்துமூன்று. எந்த டாக்டரும் பார்ப்பதற்கு முன்னால் நான் அந்த நோயை மாதா மாதம் அளந்திருக்கிறேன். அளந்து, அழித்திருக்கிறேன்.

"மூணாவது மாசம் அண்ணி. அப்பவே ஆரம்பிச்சிருக்கு."

அவர் தேதியைப் பார்த்தார். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"நடுவுல ஒரு நாள் நான் சொன்னேனே, வாங்க ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு. டோக்கன்கூட போட்டுட்டேன். வேணாம்டி, ஸ்டுடியோல தம்பி போட்டுக் காட்டினான், கால் நல்லாத்தான் இருக்குன்னாரு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை. என்னிடமிருந்து ஒரு விளக்கம் வரும் என்று காத்திருக்கிற முகம்.

விளக்கினேன். குட்டையன், பெரிய பாதம், திருத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாம் சரியான விளக்கம். அவர் கடைசி வரை கேட்டார். "அப்ப நீங்க காட்டினது அவரோட கால் இல்ல" என்றார்.

"இல்ல அண்ணி."

எண்களைத் தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அதை டாக்டர் நிறைய நேரம் பார்த்தாராம். ஆரம்பித்து மூன்று நான்கு மாதத்துக்குள் வந்திருந்தால் பெரும்பாலும் திரும்பியிருக்கும், இனி நம்பிக்கை குறைவு என்றாராம்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. கொக்கண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பாதம் தொங்காமல் இருக்க, கெண்டைக்காலிலிருந்து உள்ளங்கால் வரை வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. குதிக்கவோ திரும்பவோ அது விடாது. வேறு ஆளை வைத்துக் குட்டையனை முடித்துவிட்டார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"வா தம்பி. லேப்டாப் கொண்டாந்தியா? அந்த எலும்புக்கூட்டைப் போடு. குட்டையன் வேணாம்."

ஏழு மாதத்தையும் வரிசையாகப் போட்டேன். முதல் மாதம் குச்சிக் கால்கள் நாரை மாதிரி எழுந்து எழுந்து விழுந்தன. ஐந்தாவதில் வலது விரல் ஒவ்வோர் அடியிலும் தரையைக் கீறிக்கொண்டு வந்தது. படிக்காதவர்கூடப் பார்த்ததும் சொல்லிவிடுவார். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார்.

"இதத்தான் நான் கேட்டேன்" என்றார் அண்ணன். மெல்லத்தான் சொன்னார். "திட்டறதுக்குக் கூப்பிடல. இடது காலைப் பாத்துச் சொல்லு. அதாவது மிஞ்சியிருக்கா?"

ஒவ்வொரு மாதத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். திருத்தத்தைத் தொடவே இல்லை, பிடித்த அசைவை மட்டும் பார்த்தேன். இடது கால் ஏழு மாதமும் ஒரே மாதிரி எழுந்தது, ஒரே மாதிரி விழுந்தது.

"இடது கால் நல்லாத்தான் இருக்குண்ணே."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு இடது பாதத்தைத் தரையிலிருந்து தூக்கி, விரல்களை மேலே மடக்கி, இறக்கி, மறுபடி தூக்கி, அதைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "எதுக்கும் நாளைக்கு டாக்டர்கிட்ட இடது காலையும் ஒரு தடவை காட்டிடுவோம்."