சம்பந்தி வீட்டு பிளக் பாயிண்ட்

பம்மலில் எலக்ட்ரீஷியன் முனிரத்தினத்தைக் கூப்பிட்டால் வேலை நடக்கும், ஆனால் அன்றைக்கு வேறு எந்த வேலையும் நடக்காது என்று ஊருக்கே தெரியும். ஒரு பிளக் பாயிண்ட் கெட்டுப்போய்விட்டது என்று கூட்டிப் போவார்கள். அவர் உள்ளே நுழைந்ததும் கெட்டுப்போனதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நல்லா வேலை செய்யற பாயிண்ட் எது?" என்று கேட்பார்.

"ரிப்பேர் இங்க கீதுண்ணா, நீ இன்னா அங்க போற?" என்று கேட்காத வீடு கிடையாது.

அவருடைய நியாயம் அவருக்கு. சட்டைப் பையில் பேனா மாதிரி ஒன்று செருகியிருப்பார். மைத்துனன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. அதன் மூக்கை சாக்கெட் ஓட்டையருகே கொண்டுபோனாலே போதும், கரண்ட் இருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து 'கீ கீ' என்று கத்தும். கத்தாவிட்டால்? கரண்ட் இல்லை என்றும் இருக்கலாம், பேனாவில் பேட்டரி செத்துப்போச்சு என்றும் இருக்கலாம். அதனால் முதலில் நல்ல பாயிண்டில் வைத்து அது கத்துகிறதா என்று பார்ப்பார், பிறகு கெட்ட பாயிண்டில் பார்ப்பார், பிறகு மறுபடியும் போய் நல்ல பாயிண்டில் பார்ப்பார். அதோடு விட்டாரா? ரிச்சி தெருவில் வாங்கிய, வோல்ட்டை எண்ணாகக் காட்டும் மஞ்சள் மல்டிமீட்டரை எடுத்து அதே ஊர்வலத்தை இன்னொரு சுற்று நடத்துவார். பேனா பக்கத்து ஒயரைப் பார்த்தும் கத்தும், மீட்டரைக் கேட்டால்தான் உறுதி என்பார்.

"சாமி ஊர்வலமே சீக்கிரம் முடிஞ்சிடும்" என்பாள் அவர் மனைவி கிளியம்மாள். இருபத்திரண்டு வருஷமாக அவர் சாப்பாட்டுக்கு வரும் நேரத்தைப் பார்த்துச் சலித்தவள், அவள் சொல்லலாம்.

தொண்ணூற்று ஆறில் அவர்கள் மகள் பேபிக்கு வரன் அமைந்தது. பையன் துரை, கிண்டி லேத் பட்டறையில் டர்னர். வீடு சேலையூரில். பெண் பார்த்துப் பிடித்துவிட்டது என்று சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்வீட்டார் போய்வர வேண்டியதுதான் பாக்கி. பேபிக்கும் பையனைப் பிடித்திருந்தது என்பதை அவள் அந்த வாரம் மூன்று தடவை தலைக்குக் குளித்ததிலிருந்தே கிளியம்மாள் கண்டுபிடித்துவிட்டாள். முன்னால் வந்த இரண்டு இடமும் கடைசி நேரத்தில் நழுவிப்போனவை. இதுவும் நழுவினால் பெண் உடைந்துபோவாள் என்று அவளுக்குப் பயம். கிளம்பும்போது புருஷனை வாசலில் நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"யோவ், அங்க வந்து உன் டெஸ்ட்டு கூத்த காட்டாத. வாய மூடிகினு உக்காரு. கேட்டா பதில் சொல்லு. புரியுதா?"

"நான் இன்னாத்துக்கு காட்டப் போறேன்?" என்றார் முனிரத்தினம். சொல்லும்போதே மீட்டரைப் பழப்பையின் அடியில், ஆப்பிளுக்கும் சாத்துக்குடிக்கும் கீழே செருகியிருந்தார். பேனா வழக்கம்போல் சட்டைப் பையில். அதை எடுத்துவைத்துவிட்டு வெளியே போக அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சம்பந்தி துளசிங்கம் வாட்டசாட்டமான ஆள், சட்டென்று கோபம் வருகிறவர். அவர் வீடு ஒரு காலத்தில் பெரிய வீடு. அண்ணன் ரங்கனும் அவரும் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டது. ஐந்து வருஷத்துக்கு முன் கிணற்று மோட்டாரை யார் எப்போது போடுவது என்று வந்த சண்டையில் பேச்சு நின்றுபோனது. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால்கூட இந்தப் பக்கம் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்கள். இதெல்லாம் தரகர் சொல்லி முனிரத்தினத்துக்கு முன்பே தெரியும்.

பழப்பையை அப்படியே முன்னால் வைத்தாயிற்று, பேச்சு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. துளசிங்கத்தின் மனைவி கங்கம்மா சட்னி அரைக்க அடுப்படிக்குப் போனாள். போனவள் அங்கிருந்தே கத்தினாள்.

"மிக்ஸி ஓடலை! காலையிலகூட ஓடிச்சு!"

துளசிங்கம் சிரித்துக்கொண்டே திரும்பினார். "எலக்ட்ரீஷியன் சம்பந்தி வந்து கீறாரு, நமக்கு இன்னா கவலை? ஒரு நிமிஷம் பாருங்க சம்பந்தி."

ஒரு நிமிஷம்! கிளியம்மாள் கண்ணாலேயே புருஷனைச் சுட்டாள். முனிரத்தினம் எழுந்தார். இரண்டு அடி வைத்தார். பழக்கம் விடுமா?

"நல்லா வேலை செய்யற பாயிண்ட் எது?" என்றார்.

கிளியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஹாலில் டிவி போட்டிருந்த பாயிண்டில் பேனா கத்தியது. அடுப்படி பாயிண்டில் மிக்ஸி ஒயரைப் பிடுங்கிவிட்டு வைத்துப் பார்த்தார், அங்கேயும் கத்தியது. கரண்ட் இருக்கிறது, மிக்ஸி ஓடவில்லை. பழப்பையைக் கவிழ்த்து மீட்டரை எடுத்தபோது ஒரு சாத்துக்குடி உருண்டு துளசிங்கத்தின் காலடியில் போய் நின்றது. அவர் அதை எடுத்து ஓரமாக வைத்தார்.

மீட்டரின் குமிழை ஏ.சி. எழுநூற்றைம்பது வோல்ட்டுக்குத் திருப்பி, முதலில் ஹால் பாயிண்டில் வைத்தார். இருநூற்று முப்பது. அப்புறம் அடுப்படியில், வலது ஓட்டைக்கும் இடது ஓட்டைக்கும் நடுவே. நாற்பது, முப்பது, பதினெட்டு என்று எண் நிலையில்லாமல் அலைந்தது. வலது ஓட்டைக்கும் மேலே இருக்கும் எர்த்துக்கும் வைத்தபோது இருநூற்று இருபத்தெட்டில் கம்பீரமாக நின்றது.

"கரண்ட் திரும்பிப் போற ஒயரு, நியூட்ரலு, உட்டுப்போச்சு. கரண்ட் கொண்டாற பேஸு மட்டும் வருது" என்றார். "ரெண்டு ஓட்டையில மட்டும் வெச்சுப் பாத்துட்டு கரண்ட் இல்லன்னு கைய வெச்சா அவ்ளோதான். மெயின நிறுத்துங்க."

துளசிங்கம் போய் மெயினை இறக்கினார். ஃபேன் நின்றது, டிவி அணைந்தது, அடுப்படி குண்டு பல்பும் போனது.

துரை ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நின்றான். வருங்கால மாமனார் முன் கைகாரன் என்று காட்டிக்கொள்ள எந்தப் பையனுக்கு ஆசை இருக்காது? "நீங்க இருங்க மாமா, நான் கழட்டறேன்" என்று சாக்கெட் மூடியின் திருகில் வைத்துவிட்டான்.

முனிரத்தினம் பழக்கதோஷத்தில் பேனாவை நீட்டினார். அது கத்தியது.

"கைய எட்றா!"

சொன்னதோடு நில்லாமல் துரையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தும்விட்டார். மாப்பிள்ளையை 'எட்றா' என்ற மாமனாரை யாரும் பார்த்ததில்லை. இந்த இடமும் போச்சு என்று கிளியம்மாள் முடிவுகட்டிவிட்டாள். முனிரத்தினம் பிடித்த மணிக்கட்டை விடவில்லை. பேபியின் முகம்தான் அவர் கண்முன் வந்து நின்றது.

"எல்லாம் அணைஞ்சு கீது, உங்க பேனாவுக்குத்தான் பைத்தியம் புடிச்சுக்கிச்சு" என்று துளசிங்கம் குரலை உயர்த்தினார். "இந்த வூட்டுக்கு ஒயர் இழுத்தவன் நானு. எனக்குத் தெரியாதா?"

"பேனா பொய் சொல்லலாம் சம்பந்தி. இவனையும் கேப்போம்" என்று மீட்டரை வைத்தார் முனிரத்தினம். பேஸுக்கும் எர்த்துக்கும் இருநூற்று இருபத்தேழு. எல்லாரும் எட்டிப் பார்க்கும்படி மீட்டரைத் தூக்கிப் பிடித்தார். "மெயின் ஆஃப். ஆனா இதுல கரண்ட் ஓடுது. இது உங்க கரண்ட் இல்ல. எங்க இருந்து வருது?"

துளசிங்கத்தின் பார்வை பரண் பக்கம் போனது. கங்கம்மாதான் மெல்லச் சொன்னாள்.

"அந்த வருஷம் கோடையில நம்ம பேஸு நாலு நாள் போச்சே. அப்ப பெரியவரு வூட்ல இருந்து பரண் வழியா ஒரு ஒயர் இழுத்து மிக்ஸிக்குக் குடுத்தீங்களே..."

அதற்கடுத்த மாதம்தான் மோட்டார் சண்டை. பேச்சை நிறுத்திய துளசிங்கம் ஒயரை நிறுத்த மறந்துவிட்டார். மறந்தாரா, மறந்ததாக வைத்துக்கொண்டாரா என்பதை அவரிடம் கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. ஐந்து வருஷமாக அண்ணன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றவர், அண்ணன் கரண்டில்தான் தினமும் சட்னி சாப்பிட்டிருக்கிறார்.

"அவரு வூட்டு மெயின நிறுத்தாம நான் தொட மாட்டேன்" என்றார் முனிரத்தினம். "உங்க புள்ளையையும் தொட வுட மாட்டேன்."

துளசிங்கம் நகரவில்லை. துரைதான் செருப்புகூடப் போடாமல் பக்கத்து வாசலுக்கு ஓடினான். கொஞ்ச நேரத்தில் பெரியவர் ரங்கன் வந்து நின்றார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டை துருத்திக்கொண்டிருந்தது.

"மெயின நிறுத்திட்டேன். ஃப்யூஸையும் புடுங்கிக்கினு வந்துட்டேன். இன்னா, புள்ளைக்கு ஒண்ணும் ஆவலியே?"

முனிரத்தினத்துக்கு அந்தப் பெரியவரை உடனே பிடித்துப்போனது. வேறு யாரும் மெயினைப் போட்டுவிடாதபடி ஃப்யூஸைக் கையோடு கொண்டுவரும் ஆளை அவர் தொழிலில் அதிகம் பார்த்ததில்லை.

"கட்டை உங்க பையிலேயே இருக்கட்டும். நான் முடிக்கிற வரைக்கும் நீங்க இங்கயே உக்காரணும்" என்றார்.

ரங்கன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். துளசிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முனிரத்தினம் பேனாவை வைத்தார், சத்தமில்லை. துளசிங்கத்தின் மெயினைப் போடச் சொல்லி ஹால் பாயிண்டில் வைத்தார், கத்தியது. பேனா உயிரோடுதான் இருக்கிறது. மீட்டரும் அங்கே சரியாகக் காட்டியது. மறுபடி மெயினை இறக்கி, அடுப்படியில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். மூன்றிலும் பூஜ்யம். அப்புறம்தான் திருகைக் கழற்றினார். உள்ளே நியூட்ரல் ஒயர் திருகு தளர்ந்து, நுனி கருகி, கழன்று கிடந்தது.

"இந்த ஒயர எடுத்துட்டு, இவரு லைன்லயே குடுத்துடறேன்" என்றார்.

"எடுத்துடுங்க" என்றார் ரங்கன். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார். "நாங்க திருப்பதிக்குப் போய் வூடு பூட்டிக் கெடந்தப்பவும் மீட்டர் சக்கரம் சுத்தியிருந்துச்சு. அப்பவே தெரியும். புடுங்கிப் போட்டிருக்கலாம். மனசு வரல. தம்பி பொண்டாட்டி அம்மியில கெடந்து அரைக்கணுமான்னு வுட்டுட்டேன்."

அவ்வளவு வாட்டசாட்டமான துளசிங்கம் மூக்கை உறிஞ்சியதைப் பார்த்து எல்லாரும் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்கள். "கங்கா" என்றார் கடைசியில். "அண்ணனுக்கு காபி போடு. சக்கரை கம்மியா."

முனிரத்தினம் வேலையை முடித்துவிட்டிருந்தார். சாக்கெட் மூடியைப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "அவ்ளோதான், பெரியவரு கட்டைய எடுத்துனு போய்..." என்று ஆரம்பித்தார்.

கங்கம்மா அப்போதுதான் பாலை அடுப்பில் வைத்திருந்தாள். அண்ணனும் தம்பியும் ஒரு பேச்சுகூடப் பேசியிருக்கவில்லை. கிளியம்மாள் விறுவிறுவென்று புருஷனிடம் வந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் சொன்னாள்:

"இன்னா அவசரம்? இன்னொரு தபா டெஸ்ட் பண்ணு."