வெளுத்த நீலமும் விட்டுப்போன தையலும்

ஸ்டூடியோவில் எல்லாரும் அவளை ‘ஊசிக்கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார்கள். படத்தில் ஒரு நூல் பிசகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஏழு வருடமாகத் துணிக் கம்பெனிகளின் படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்தி வருகிறாள். அப்படிப்பட்டவளின் வேலைதான் அன்று காலை திரும்பி வந்திருந்தது.

ஜீன்ஸ் கம்பெனிக்காரரிடம் இருந்தது ஒரே ஒரு கருநீல ஜீன்ஸ். அதன் படத்தை வெளிர்நீலமாக மாற்ற வேண்டும். பார்த்தால் அதே ஜீன்ஸாகத் தெரியவும் வேண்டும். அவள் அனுப்பியதற்கு, “சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு” என்று பதில் எழுதியிருந்தார்.

“பன்னெண்டு மணிக்கு நேர்லயே வர்றாராம்,” என்றார் முதலாளி. “இதுவும் பிடிக்கலன்னா மொத்த வேலையும் வேற இடத்துக்குப் போயிடும். அப்புறம் உன்னை நான் எப்படிம்மா வச்சுக்கிறது?”

மணி பத்தரை. படத்தைத் திறந்தாள். துணி முழுவதையும் ஒரே அளவில் வெளுக்க வைத்திருந்தாள். ஆரஞ்சு நூல் சோகை பிடித்தாற்போல் வெளிறியிருந்தது. தொடையில் ஏற்கெனவே தேய்ந்திருந்த இடம் வெள்ளைத் திட்டாகிவிட்டது.

போட்டோகிராபர் டீயோடு வந்தார்.

“அண்ணே, அப்படியே நில்லுங்க. உங்க தொடையைப் பாக்கணும்.”

“வீட்ல சொல்லிடாத தாயி.”

அவர் போட்டிருந்தது பல வருடம் துவைத்துத் துவைத்து வெளுத்த ஜீன்ஸ். தையலோரத்தில் மேடுகள்தான் வெளுத்திருந்தன. பள்ளத்தில் பழைய நீலம் பதுங்கியிருந்தது. நூல் மட்டும் நிறம் விடவில்லை.

“கேமராவுல எடுத்த மூலப் படம் இருக்கா அண்ணே? இதுல இருட்டா இருக்கிற இடத்துல நெசவே தெரியல.”

அவர் கொடுத்தார். நூல், பொத்தான், தோல் பட்டை மூன்றையும் முதலில் தனியே பிரித்து, நிறம் மாறாதபடி பூட்டினாள். பிறகு துணியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தாள். பள்ளங்களைக் குறைவாக, தேய்ந்த இடங்கள் வெள்ளையாகிவிடாமல். சாய்கோட்டு நெசவு மெல்ல எழுந்து வந்தது.

மணி பதினொன்று ஐம்பது. முதலாளி பின்னால் வந்து நின்றார்.

“கால் விளிம்புல ஒரு இடம் தையல் விட்டிருக்கு பாரு. அழிச்சிடு.”

“அது அந்த ஜீன்ஸ்லயே இருக்கு சார். கருநீலப் படத்துலயும் இருக்கு.”

“இருக்கிற பிரச்சினை போதாதா? வீம்பு பண்ணாத.”

அதற்குள் கதவு திறந்தது. அவள் அந்தத் தையலைத் தொடவில்லை.

கம்பெனிக்காரர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கச் சொன்னார். இடுப்பு, பாக்கெட், முழங்கால் எனத் திரையில் விரலை வைத்தபடி இறங்கி வந்தார். விளிம்பில் விரல் நின்றது. முதலாளி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“தையல் விட்டது அதுலயும் இருக்கு, இதுலயும் இருக்கு,” என்றார் அவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அப்ப இது அதே ஜீன்ஸ்தான். சரி, ரெண்டுலயும் தைச்சு விட்டுடும்மா. மத்த மாடலையும் நாளைக்கு அனுப்புறேன்.”

அப்போதுதான் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். ஆறிப்போன டீயை ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு கருநீலப் படத்தின் விளிம்பை முதலில் பெரிதாக்கினாள்.