அமாவாசையன்று குடிவந்த பேயிங் கெஸ்ட்

பிள்ளைகளே, நம் மாடி அறை ஒரு காலத்தில் ஆளில்லாமல் கிடந்தது. ஊருக்குப் புதிதாக வேலைக்கு வரும் பையன்களைச் சாப்பாட்டோடு தங்க வைக்கலாம் என்றாள் உங்கள் அம்மா. பஸ் ஸ்டாண்டில் மைக்கில் படிப்பதற்கு நானே விளம்பரம் எழுதினேன். எட்டாவது படித்த கர்வம்.

"உத்தியோக இளைஞர்களே! வீட்டுச் சாப்பாடு, கிணற்றுத் தண்ணீர், நடந்து போகும் தூரத்தில் பஸ் ஸ்டாண்டு, கருவறை போன்ற அமைதி!"

அதைக் கேட்டு ஒரு பேங்க் குமாஸ்தா வந்தான். அன்று அமாவாசை, வீட்டுக்கு வீடு தறி இருக்கும் நம் தெருவில் ஒன்றுகூட ஓடாத நாள். அறை பிடித்துப்போய் அன்றே குடிவந்தான்.

மறுநாள் விடியும்போதே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தான். "அமைதின்னு சொன்னீங்களே சார், இது என்ன சத்தம்?"

"எந்தச் சத்தம் தம்பி?" என்றேன். பொய் இல்லை. பிறந்ததிலிருந்து தறிக்குப் பக்கத்திலேயே படுத்தவன், எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"உங்களுக்குக் காது கேக்குமா சார்?"

உங்கள் அம்மாதான் காபியோடு வந்தாள். "லேட்டா போயி மேனேஜர்கிட்ட திட்டு வாங்கிக்கினு இருக்கேன்னு நேத்து நீதானேப்பா சொன்னே? இந்தச் சத்தத்துல இனிமே தூங்கிடுவியா?"

அவன் யோசித்தான். பிறகு காபியை வாங்கிக்கொண்டு படுக்கையைக் கீழே வைத்தான்.

அடுத்த விளம்பரத்தில் அமைதியை அடித்துவிட்டு, "அதிகாலையில் எழுப்பிவிடும் வசதி உண்டு" என்று எழுதினேன். யோசனை என்னுடையது என்றுதான் தெருவில் சொல்லிக்கொண்டேன்.